12 இலட்சம் எடுத்தோம், 15 இலட்சத்து 60 ஆயிரம் எப்படி வந்தது? கல்விக்கடனின் சலுகைக் கால வட்டியைக் கணக்குப் பார்ப்பது

பிள்ளை படித்து முடித்து ஆறு மாதம் ஆகும்போது வங்கியிலிருந்து ஒரு கடிதம் வரும். உங்கள் கடனின் சலுகைக் காலம் முடிகிறது, அடுத்த மாதத்திலிருந்து தவணை இவ்வளவு, நிலுவை இவ்வளவு என்று இருக்கும். நிலுவையைப் பார்த்ததும் வீட்டில் ஒரு அமைதி. எடுத்தது 12 இலட்சம். இதில் 15 இலட்சத்துக்கு மேல் நிற்கிறது. இடையில் ஒரு சதமும் வட்டியாகக் கேட்கவில்லையே, இது எங்கிருந்து முளைத்தது?

பெரும்பாலும் இதில் களவு ஒன்றும் இருக்காது. ஆனால் பிழை இருக்கலாம், அல்லது ஒப்பந்தத்தில் எழுதியது ஒன்றும் கணினி செய்தது இன்னொன்றுமாக இருக்கலாம். இரண்டையும் வீட்டு மேசையில் இருந்தபடியே, ஃபோனில் உள்ள கல்குலேட்டரை வைத்துப் பிடிக்கலாம். அதற்கு முதலில் அந்தக் காலத்தில் கடனுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

## சலுகைக் காலம் என்றால் வட்டி நின்ற காலம் அல்ல

மொரட்டோரியம் என்ற சொல் 2020 இல் கொரோனாவோடு நம் வீடுகளுக்குள் வந்தது. அது ஏற்கனவே கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இடையில் கொடுத்த நிவாரணம். கல்விக்கடனில் வருவது வேறு. படிக்கும் காலமும், படித்து முடித்தபின் வேலை தேடக் கொடுக்கும் சில மாதங்களும் சேர்ந்ததுதான் சலுகைக் காலம், கடன் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டிலும் ஒரு விஷயம் பொது: நிற்பது தவணை மட்டும், வட்டி அல்ல. (அரசாங்கம் வட்டியைக் கட்டும் வட்டியில்லா மாணவர் கடன் தனிக் கதை. இங்கே சொல்வது வங்கியில் வட்டிக்கு எடுத்த கடனைப் பற்றி.)

அந்தக் காலத்து வட்டியை வங்கிகள் மூன்று விதமாகக் கையாளும்:

1. வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டச் சொல்வது. இதில் சலுகை முதலுக்கு மட்டும்தான். ஒழுங்காகக் கட்டினால் கடைசியில் சேர்க்க ஒன்றும் இருக்காது. 12 இலட்சம் 12 இலட்சமாகவே நிற்கும்.

2. வட்டியை நாளுக்கு நாள் கணக்குப் பார்த்து ஒரு பக்கம் எழுதி வைப்பது, முதலில் கை வைக்காமல். உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம்: அட்டுறு வட்டி. கடைசி நாளில் மொத்தத்தையும் ஒரே பதிவாக முதலோடு சேர்ப்பார்கள். அந்தச் சேர்ப்புக்குத்தான் மூலதனமாக்கல் என்று பெயர்.

3. ஒவ்வொரு மாத முடிவிலும் (அல்லது காலாண்டு முடிவில்) வட்டியைக் கணக்கில் பற்று வைத்து, அப்போதே முதலோடு சேர்த்துவிடுவது. அடுத்த மாத வட்டி இந்தப் பெருத்த தொகைக்கு விழும்.

இரண்டாவது எளிய வட்டி, மூன்றாவது கூட்டு வட்டி. சாதாரண தரக் கணிதத்தில் ஐந்து புள்ளிக்குக் கேட்ட கேள்விதான். ஆனால் இங்கே அதன் விலை வேறு. சிக்கல் என்னவென்றால், கடிதத்தின் முதல் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வட்டி வீதம்தான் எழுதியிருக்கும். வித்தியாசம் உள்ளே எங்கோ ஒரு வரியில் இருக்கும்.

இணையத்தில் தமிழில் தேடினால் வருவது அனேகமாக இந்திய விளக்கம். அங்கே இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம், திருப்பிச் செலுத்தத் தொடங்கும் வரை எளிய வட்டி என்கிறது. அதை வாசித்துவிட்டு வந்து காலி வீதி கிளையில் சண்டை பிடிக்க முடியாது. இங்கே இலங்கையில் பேசுவது உங்கள் கையில் இருக்கும் கடன் அனுமதிக் கடிதமும் ஒப்பந்தமும்தான். ஆகவே முதல் வேலை அந்தக் கடிதத்தை எடுத்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்வது: வட்டி வீதம் நிலையானதா மாறுவதா, வட்டி எப்போது கணக்கில் ஏறும், சலுகைக் காலம் எந்தத் திகதியில் முடியும், வருடத்துக்கு 365 நாளா 360 நாளா.

## ஒரு கடனை எடுத்துப் பார்ப்போம்

வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் என்று வையுங்கள். மகள் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் இரண்டு வருடப் பட்டப்படிப்பு. கடன் 12 இலட்சம் ரூபா, வருடத்துக்கு 15 சதவீதம், நிலையான வட்டி. காசு இரண்டு தடவையாக நேரே படிக்கும் இடத்துக்குப் போனது: 2023 மார்ச் 1 அன்று 6 இலட்சம், 2024 மார்ச் 1 அன்று 6 இலட்சம். சலுகைக் காலம் 2025 செப்டெம்பர் 1 அன்று முடிகிறது. ஒப்பந்தத்தில் இரண்டாவது வகை, அதாவது வட்டி ஒரு பக்கம் சேர்ந்து கடைசியில் ஒரே தடவை முதலோடு சேரும். வருடம் 365 நாள்.

ஸ்டேட்மென்டில் இது சுருக்கமாக இப்படித் தெரியும். சொற்கள் வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும், அமைப்பு மாறாது:

```
01/03/2023  DISBURSEMENT     600,000.00    600,000.00
01/03/2024  DISBURSEMENT     600,000.00  1,200,000.00
01/09/2025  INT CAPITALISED  360,986.30  1,560,986.30
```

மூன்றாவது வரிதான் இந்தக் கட்டுரை முழுவதும். 360,986 ரூபா 30 சதம். இது சரியா?

ஒவ்வொரு கொடுப்பனவையும் தனித்தனிக் கடனாக நினைத்தால் இலகு. 6 இலட்சத்துக்கு 15 சதவீதம் வருடத்துக்கு 90,000. அதை 365 ஆல் பிரித்தால் ஒரு நாள் வட்டி 246 ரூபா 58 சதம். இனி நாட்களை எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

முதல் 6 இலட்சம் 2023 மார்ச் 1 இலிருந்து 2025 செப்டெம்பர் 1 வரை 915 நாட்கள். இரண்டாவது 6 இலட்சம் 2024 மார்ச் 1 இலிருந்து 549 நாட்கள். விரலால் எண்ண வேண்டாம், ஷீட்டில் ஒரு திகதியிலிருந்து மற்றதைக் கழித்தால் நாள் வந்துவிடும்:

```
=DATE(2025,9,1)-DATE(2023,3,1)     915
=600000*0.15*915/365               225616.44
=600000*0.15*549/365               135369.86
```

கூட்டினால் 360,986.30. சதம் வரை ஒத்துப்போகிறது, ஆகவே வங்கி எழுதியது சரி. எங்கள் காசில் மூன்றரை இலட்சம் போனதே என்ற கவலை வேறு, கணக்கு சரி என்பது வேறு.

## தொகை ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசமே காரணத்தைச் சொல்லும்

இதே கடனுக்கு வேறு வேறு தொகைகள் வரலாம். எந்தத் தொகை என்பதை வைத்தே உள்ளே என்ன நடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

360,000 சரியாக வந்தால் வங்கி நாள் எண்ணவில்லை, மாதம் எண்ணியிருக்கிறது. 6 இலட்சத்துக்கு மாதம் 7,500 வீதம் முதல் தொகைக்கு 30 மாதம், இரண்டாவதுக்கு 18 மாதம். உங்களுக்கு ஆயிரம் ரூபா அளவில் இலாபம், பேசாமல் இருங்கள்.

366,000 சரியாக வந்தால் வருடத்தை 360 நாளாக எடுத்து, ஆனால் நாட்களை உண்மையாக எண்ணியிருக்கிறது. நமக்கு 5,000 ரூபாவுக்குக் கொஞ்சம் கூட. ஒப்பந்தத்தில் 360 என்று எழுதியிருந்தால் கேட்க ஒன்றுமில்லை. 365 என்று எழுதியிருந்தால் இந்த 5,013 ரூபா 70 சதத்தைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

சில நூறு ரூபா வித்தியாசம் வந்தால் 2024 பெப்ரவரி 29 ஐப் பாருங்கள். அந்த ஒரு நாளை வங்கி எண்ணியிருக்கும், நீங்கள் விட்டிருப்பீர்கள், அல்லது மறுபக்கம். சேர்க்கும் நாளையும் ஒரு நாளாக எண்ணுவதா என்பதிலும் இப்படி வரும். இதற்காக லீவு போட்டுக் கிளைக்குப் போவது வீண்.

421,000 அளவில் வந்தால் அதுதான் பெரிய விஷயம். அது மாதாமாதம் வட்டியை முதலோடு சேர்த்த கணக்கு, மேலே சொன்ன மூன்றாவது வகை. நம் 360,986 ஐ விட 60,000 ரூபாவுக்கு மேல் கூட. அதோடு நிற்காது. 60 மாதத் தவணைக்குப் பிரித்தால் எளிய வட்டிக் கணக்கில் மாதம் 37,136 ரூபா, கூட்டு வட்டிக் கணக்கில் 38,571. மாதம் 1,435 ரூபா என்றால் பெரிதாகத் தெரியாது, ஐந்து வருடத்தில் 86,000 ரூபா. வட்டி வீதம் இரண்டிலும் அதே 15 சதவீதம்.

நான்கு கணக்கையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரியும்: நாள் எண்ணும் முறையால் வரும் வித்தியாசம் ஆயிரங்களில் நிற்கும், வட்டிக்கு வட்டி விழுந்தால்தான் பத்தாயிரங்களில் தாண்டும். எதற்குக் குரல் எழுப்புவது என்பதை இதை வைத்தே தீர்மானிக்கலாம்.

## கடைசி வரி வரும் முன்பே கண்டுபிடிப்பது

கூட்டு வட்டி விழுகிறதா என்று அறிய சலுகைக் காலம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஸ்டேட்மென்டில் 31 நாள் உள்ள இரண்டு மாதங்களைத் தேடுங்கள். இடையில் புதிதாகக் காசு எதுவும் விடுவிக்கப்படாத, வட்டி வீதம் மாறாத மாதங்களாக இருக்க வேண்டும். நம் கடனில் 2025 மே, ஜூலை, ஓகஸ்ட் மூன்றும் அப்படி.

எளிய வட்டியாக இருந்தால் மூன்று மாதமும் ஒரே தொகை: 15,287 ரூபா 67 சதம். இடையில் உள்ள ஜூனுக்கு 30 நாள் என்பதால் 14,794.52. மே, ஜூலை, ஓகஸ்ட் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும், சதம்கூட மாறாது.

மாதாமாதம் முதலோடு சேர்க்கும் கணக்கில் இப்படி இருக்காது. வருட வட்டியைப் பன்னிரண்டால் பிரித்துப் போட்டால் மே 19,284, ஜூன் 19,525, ஜூலை 19,769, ஓகஸ்ட் 20,016 என்று படி ஏறும். 30 நாள் உள்ள ஜூனிலும் குறையாமல் ஏறுவதைக் கவனியுங்கள். முதலில் ஒரு சதமும் புதிதாக எடுக்கவில்லை, வட்டி மட்டும் ஒவ்வொரு மாதமும் கூடுகிறது என்றால், முன்னைய வட்டி முதலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, ஸ்டேட்மென்டில் மாத வட்டியே காட்டாவிட்டால்? சில வங்கிகள் சலுகைக் காலம் முழுவதும் கொடுத்த காசை மட்டும் காட்டிவிட்டு வட்டியை உள்ளே வைத்திருக்கும். அப்படியானால் நிலுவை நிரலைப் பாருங்கள். அது 1,200,000 இலேயே அசையாமல் நின்றால் நல்ல அறிகுறி. பிறகு இணைய வங்கிச் சேவையில் கடன் கணக்கைத் திறந்தால் பல இடங்களில் `Accrued Interest` என்று ஒரு தொகை இருக்கும். அதைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். நம் கடனுக்கு 2025 ஜூலை 1 அன்று 330,410.96, ஜூலை 11 அன்று 335,342.47. வித்தியாசம் 4,931.51, நாளுக்கு 493 ரூபா 15 சதம். 12 இலட்சத்துக்கு 15 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி அதுவேதான். நாளுக்கு 600 ரூபாவைத் தாண்டினால் கேள்வி கேட்க வேண்டிய நேரம்.

இந்தப் பத்து நாள் வேலைக்கு இன்னொரு பயன் உண்டு. வித்தியாசத்தை 365 ஆல் பெருக்கி, முதலாலும் நாளாலும் பிரித்தால், வங்கி உண்மையில் எந்த வீதத்தில் வட்டி போடுகிறது என்று வரும்:

```
=4931.51*365/(1200000*10)     0.15
```

கடிதத்தில் 15 என்றும் இங்கே 16.5 என்றும் வந்தால், இடையில் வீதம் மாறியிருக்கிறது, உங்களுக்குச் சொன்னார்களா என்று பாருங்கள்.

## மாறும் வட்டி எடுத்தவர்களுக்கு

மேலே சொன்னது நிலையான வட்டிக்கு. கடிதத்தில் `AWPR + 3%` என்ற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் உங்கள் வேலை கொஞ்சம் கூடுகிறது. AWPR என்பது வணிக வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுக்கும் சராசரி வட்டி வீதம். மத்திய வங்கி கிழமைக்குக் கிழமை கணித்து வெளியிடுகிறது. உங்கள் வீதம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

கடந்த வருடங்களில் அது போன ஆட்டம் தெரிந்ததே. 2021 முடிவில் 9 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது, அவ்வருட முடிவில் AWPR 27 ஐத் தாண்டியது. 2023 முடிவில் 12 அளவுக்கு இறங்கிவிட்டது, அடுத்த வருட முடிவில் 9 அளவு. இந்தக் காலம் முழுவதும் சலுகைக் காலத்தில் இருந்த ஒரு பிள்ளையின் கடனுக்கு, தவணை எதுவும் கட்டாததால், வீட்டில் யாருக்கும் இந்த ஏற்றம் கையில் சுடவில்லை. மொத்தமும் கடைசி வரிக்காகக் காத்திருந்தது. 2025 இல் கடிதம் வந்து அதிர்ந்தவர்களில் பலருக்கு உண்மைக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இங்கே சரிபார்ப்பது துண்டு துண்டாக. வங்கியிடம் உங்கள் கடனுக்கு எந்தத் திகதியிலிருந்து எந்த வீதம் என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். வீதம் ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஒரு புது வரி, அந்த வரிக்கு முதல், வீதம், நாள், வட்டி. வரிகளைக் கூட்டினால் மூலதனமாக்கிய தொகை வர வேண்டும்.

பிழை பெரும்பாலும் இறங்கும்போதுதான் தெரியும். ஒப்பந்தத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீதம் மீளாய்வு என்று இருந்தால், ஏறும்போது உரிய நாளில் ஏறிய வீதம் இறங்கும்போதும் உரிய நாளில் இறங்கியதா? ஒரு காலாண்டு பிந்தினால் என்ன ஆகும் பாருங்கள். 24 இலிருந்து 18 க்கு இறங்க வேண்டிய வீதம் 92 நாள் பிந்தினால், 6 இலட்சத்துக்கு 9,074 ரூபா கூடுதல் வட்டி. அது மூலதனமாகி, பிறகு ஐந்து வருடம் தன் பங்குக்கு வட்டி போடும்.

## சேர்க்கும் நாளைச் சுற்றி விழும் பிழைகள்

என் பார்வையில், இந்தக் கணக்கில் உண்மையான பிழைகள் கூட்டு வட்டியில் அல்ல, ஓரங்களில்தான் அதிகம். தொடங்கும் நாளும் முடியும் நாளும் இடையில் கட்டிய காசும்.

தொடங்கும் நாள். வட்டி ஓட வேண்டியது காசு வங்கியை விட்டுப் போன நாளிலிருந்து, கடன் அனுமதித்த நாளிலிருந்து அல்ல. ஸ்டேட்மென்டில் `DISBURSEMENT` பதிவின் திகதியை, படிக்கும் இடம் தந்த பற்றுச்சீட்டின் திகதியோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் சாதாரணம். கணக்கில் மார்ச் 1 என்றும் பற்றுச்சீட்டில் மார்ச் 19 என்றும் இருந்தால், அந்த 18 நாளும் காசு எங்கே இருந்தது என்று கேளுங்கள். 4,438 ரூபா கதை அது. காசோலை எழுதி மேசை லாச்சியில் கிடந்திருக்கலாம். காப்புறுதிக் கட்டணம், ஆவணக் கட்டணம் எல்லாம் கடனோடு சேர்க்கப்பட்டதா என்றும் இங்கேயே பாருங்கள். சேர்த்திருந்தால் முதல் 6 இலட்சமாக இருக்காது, நம் கணக்கு முதல் வரியிலேயே பிசகும்.

முடியும் நாள். செப்டெம்பர் 1 வரையான வட்டி முதலோடு சேர்ந்துவிட்டது. அப்படியானால் ஒக்டோபர் 1 அன்று வரும் முதல் தவணையில் உள்ள வட்டி, செப்டெம்பர் 1 இலிருந்து 30 நாளுக்கு மட்டும். புது முதல் 1,560,986.30, நாளுக்கு 641 ரூபா 50 சதம், 30 நாளுக்கு 19,245. வங்கியின் மாதச் சுழற்சி 25 ஆம் திகதி தொடங்குவதாக இருந்து, முதல் தவணை வட்டி ஓகஸ்ட் 25 இலிருந்து போடப்பட்டால், ஏழு நாளுக்கு இரண்டு தடவை வட்டி, 4,490 ரூபா. தவணைத் தொகை மாறாததால் இது கண்ணில் படாது. முதல் தவணையில் எவ்வளவு வட்டிக்குப் போனது, எவ்வளவு முதலில் கழிந்தது என்ற பிரிப்பில்தான் தெரியும். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் விடாதீர்கள்.

இடையில் கட்டிய காசு. இதுதான் மனதை நோகடிக்கும் பிழை. கட்டாயம் இல்லாவிட்டாலும் 2024 டிசெம்பர் 15 அன்று தகப்பன் 50,000 ரூபா கொண்டுபோய்க் கட்டுகிறார் என்று வையுங்கள். அந்தக் காசு மூன்று இடத்துக்குப் போகலாம். சேர்ந்திருக்கும் வட்டியில் கழிந்தால், கடைசியில் சேரும் தொகை 310,986.30 ஆக வர வேண்டும். முதலில் கழிந்தால், மிச்சம் 260 நாளுக்கு அந்த 50,000 க்கு வட்டி ஓடாது, 5,342 ரூபா மிச்சம் பிடிக்கும். மூன்றாவது இடம்தான் வில்லங்கம்: இன்னும் தவணை தொடங்கவில்லை என்பதால் கணினி அதை முற்பணத் தவணையாக ஒரு மூலையில் வைத்துவிடும். வட்டியிலும் கழியாது, முதலிலும் கழியாது. செப்டெம்பர் 1 அன்று முழு 360,986.30 உம் மூலதனமாகும், காசு ஒக்டோபர் தவணைக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஸ்டேட்மென்டில் வரவு இருக்கிறது, நிலுவையும் வட்டியும் அசையவில்லை என்றால் இதுதான் நடந்தது. கட்டும்போதே சிட்டையில் எதற்காகக் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுப்பது நல்லது.

## பிழை என்று தெரிந்தால்

கிளையில் நின்று வாயால் சொல்வதால் ஒன்றும் நகராது. வட்டிக் கணிப்பு விபரத்தை, கொடுப்பனவு வாரியாக, திகதி, நாள், வீதம், தொகை எல்லாம் இருக்கும்படி எழுத்தில் கேளுங்கள். உங்கள் சொந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் இணையுங்கள். கட்டணம் அதிகம் என்று எழுதாமல், 549 நாளுக்குப் பதிலாக 556 நாள் எண்ணப்பட்டிருக்கிறது என்று எழுதினால், கடிதம் அதைத் திருத்தக்கூடியவரின் மேசைக்குப் போகும்.

வங்கிக்குள் பதில் கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. 2023 இல் வந்த நிதியியல் வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் உங்கள் பக்கம் பேசக்கூடியவை. நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். எங்கே போனாலும் முதலில் வங்கிக்கு எழுதினீர்களா, என்ன பதில் என்றுதான் கேட்பார்கள், ஆகவே கடிதத்தின் பிரதியில் கிளையின் முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால், கட்ட மிக நல்ல நேரம் மூலதனமாக்கலுக்கு முந்தைய நாட்கள். நம் கடனில் அந்த நேரத்தில் ஒரு இலட்சத்தை வட்டிக்கெனக் கட்டினால் மாதத் தவணை 2,379 ரூபா குறையும், 60 மாதத்தில் போட்ட இலட்சம் போக 42,740 ரூபா மிச்சம். சேர்ந்த பிறகு கட்டினால் அது முன்கூட்டிய பகுதிக் கொடுப்பனவு ஆகிவிடும், அதற்குக் கட்டணம் அறவிடும் ஒப்பந்தங்களும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2025 செப்டெம்பர் 1 ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறில் போட்ட காசுக்குத் திங்கள் திகதி விழுந்தால் அது சேர்த்த பிறகு வந்த காசாகிவிடும். அந்தக் குடும்பம் போயிருக்க வேண்டியது ஓகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை, கவுண்டர் மூடும் முன்.